நான்கு நிமிடப் பேச்சு, நான்கு வரிக் குறிப்பு

ஆகஸ்டும் செப்டம்பரும் நம் நாட்டில் கம்பெனிகளின் ஆண்டுப் பொதுக்கூட்டப் பருவம். மார்ச் 31-இல் கணக்கை முடிக்கும் கம்பெனி, செப்டம்பர் 30-க்குள் பங்குதாரர்களைக் கூட்டியாக வேண்டும். சென்னையில் முன்பெல்லாம் மியூசிக் அகாதெமி, நாரத கான சபா போன்ற அரங்குகளில் இந்தக் கூட்டங்கள் நடக்கும். 2020-க்குப் பிறகு பல கம்பெனிகள் காணொலிக்கு மாறிவிட்டன. இடம் மாறினாலும் பேச்சின் தோரணை மாறவில்லை. ஒரு பங்குதாரர் எழுந்தால் முதலில் தலைவருக்கு வாழ்த்து, பிறகு நிறுவனரின் நினைவு, ஆண்டறிக்கை வந்து சேராத வருத்தம், போனஸ் பங்கு எப்போது என்ற ஆவல். இத்தனைக்கும் நடுவில் கணக்கைக் கரைத்துக் குடித்த ஒரு கேள்வியும் இருக்கும்.

அந்தக் கேள்வியைப் பிரித்தெடுத்து எழுதுவது கம்பெனி செக்ரெட்டரியின் வேலை. அதைத்தான் மினிட்ஸ் என்கிறோம்.

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 118-ஆவது பிரிவு, கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் மினிட்ஸ் எழுதப்பட்டுக் கையெழுத்தாகிவிட வேண்டும் என்கிறது. நடந்ததன் நியாயமான, சரியான சுருக்கமாக அது இருக்க வேண்டும். பேசியதை வரிக்கு வரி எழுதச் சட்டம் கேட்கவில்லை. கம்பெனி செக்ரெட்டரிகள் பின்பற்ற வேண்டிய செயலகத் தரவிதி இன்னும் சில விவரங்களைச் சொல்கிறது. மினிட்ஸ் படர்க்கையில், இறந்த காலத்தில் இருக்க வேண்டும். கூட்டத்தின் பொருள்கள் ஒவ்வொன்றிலும் தரப்பட்ட விளக்கங்களின் சுருக்கம் அதில் இடம்பெற வேண்டும்.

சுருக்கம் எப்படிச் செய்வது என்பதற்கு ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். மின் மோட்டார் செய்கிறது. விற்பனை அந்த ஆண்டு 8 சதவீதம் கூடியிருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி 210 கோடியிலிருந்து 340 கோடி ரூபாயாக ஏறிவிட்டது. ஒரு பங்குதாரர் நான்கு நிமிடம் பேசி மூன்று கேள்விகள் கேட்கிறார். பாக்கி ஏன் இப்படி ஏறியது? பழைய ஆலையின் நிலத்தை விற்கப் போகிறீர்களா? ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர்?

நிதிப் பொறுப்பாளர் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறார். கூடுதலான 130 கோடியில் 90 கோடி இரண்டு மாநில மின் வாரியங்களிடமிருந்து வர வேண்டியது. அதில் 55 கோடி ஜூலை இறுதிக்குள் வந்துவிட்டது. மீதி 40 கோடி, ஏற்றுமதி வாடிக்கையாளர்களுக்குத் தரும் கடன் தவணையை 60 நாளிலிருந்து 90 நாளாக நீட்டியதால் வந்தது. நிலம் பற்றித் தலைவர், இயக்குநர் குழு இன்னும் முடிவெடுக்கவில்லை, எடுத்ததும் பங்குச் சந்தைக்குத் தெரிவிப்போம் என்கிறார். தொழிலாளர் எண்ணிக்கை கைவசம் இல்லை, எழுத்தில் அனுப்புகிறோம் என்கிறார்.

இதைச் சோம்பேறித்தனமாக எழுதினால் இப்படி இருக்கும்: “சில பங்குதாரர்கள் கம்பெனியின் செயல்பாடு குறித்துக் கேள்விகள் எழுப்பினர். தலைவர் அவற்றுக்குத் தகுந்த விளக்கம் அளித்தார்.” பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எந்தக் கம்பெனியின் எந்த ஆண்டுக் கூட்டத்துக்கும் இந்த இரண்டு வரியை ஒட்டிவிடலாம்.

கவனமாக எழுதினால் இப்படி வரும்: “விற்பனையைவிட வேகமாக வரவேண்டிய பாக்கி உயர்ந்தது குறித்து ஒரு பங்குதாரர் கேட்டார். உயர்வான 130 கோடியில் 90 கோடி இரண்டு மின் வாரியங்களுடையது என்றும், அதில் 55 கோடி ஜூலை இறுதிக்குள் வசூலானது என்றும், மீதி 40 கோடி ஏற்றுமதிக் கடன் தவணை 90 நாளாக நீட்டப்பட்டதால் என்றும் நிதிப் பொறுப்பாளர் கூறினார். ஆலை நிலம் பற்றி முடிவு எடுக்கப்படவில்லை என்று தலைவர் தெரிவித்தார். ஒப்பந்தத் தொழிலாளர் எண்ணிக்கை எழுத்தில் தரப்படும் என்றார்.”

வாழ்த்தும் வருத்தமும் போய்விட்டன. தொகை, தேதி, சொன்னவர் யார், என்ன வாக்களித்தார் என்ற நான்கும் நிற்கின்றன. ஐந்து பேர் பாக்கியைப் பற்றிக் கேட்டிருந்தால் ஐந்தையும் ஒரே தலைப்பில் சேர்த்துவிடலாம். ஆனால் ஐந்தாமவர் மட்டும் வராக்கடன் ஒதுக்கீடு பற்றிக் கேட்டிருந்தால் அது தனிக் கேள்வி. சேர்க்கும் வேகத்தில் அப்படிப்பட்டதுதான் முதலில் காணாமல் போகும்.

கடைசி வரியில் இன்னொரு பொறி இருக்கிறது. பத்து நாள் கழித்துத் தொழிலாளர் எண்ணிக்கை தயாராகிவிடும். மினிட்ஸ் அதற்குள் கையெழுத்தாகியிருக்காது. எண்ணிக்கையை அப்படியே நுழைத்துவிட்டால் குறிப்பு நிறைவாகத் தெரியும். ஆனால் அது கூட்டத்தில் சொல்லப்படாத பதில். தலைவர் தருவதாகச் சொன்னார் என்பதே அன்று நடந்தது. மினிட்ஸில் அதற்கு மேல் எழுதக்கூடாது.

எதை விடலாம் என்பதில் தலைவருக்குச் சட்டம் பெரிய அதிகாரம் தந்திருக்கிறது. ஒருவரை அவதூறு செய்வது, கூட்டத்துக்குச் சம்பந்தமில்லாதது, கம்பெனியின் நலனுக்குக் கேடானது என்று அவர் கருதும் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. அந்த முடிவு முழுக்க அவர் விருப்பத்துக்கு உட்பட்டது. இத்தனைக்கும், முறைப்படி எழுதிய மினிட்ஸ் நடந்ததற்குச் சாட்சியம். மாறாக நிரூபிக்கப்படும்வரை அதில் உள்ளபடியே கூட்டம் நடந்ததாகக் கொள்ளப்படும்.

ஜெர்மனியின் வழி வேறு. அங்கே பங்குச் சந்தையில் உள்ள கம்பெனியின் பொதுக்கூட்டக் குறிப்பை எழுதுபவர் நோட்டரி. ஒரு பங்குதாரர் கேட்ட தகவலை நிர்வாகம் தர மறுத்தால், தன் கேள்வியையும் மறுப்புக்குச் சொன்ன காரணத்தையும் குறிப்பில் ஏற்றும்படி அவர் கோரலாம். பங்கு நிறுவனச் சட்டத்தின் 131-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. மறுத்தது சரியா என்று பிறகு நீதிமன்றத்திடம் கேட்கவும் வழி உண்டு. அதனால் அங்கே பதில் கிடைக்காத கேள்விக்கும் குறிப்பில் இடம் கிடைக்கிறது.

நம் நாட்டில் காணொலிக் கூட்டங்கள் ஓரளவு அந்தக் குறையைத் தீர்த்திருக்கின்றன. 2020 ஏப்ரலில் மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் காணொலியை அனுமதித்தபோது, பொதுக் கம்பெனிகள் கூட்டத்தின் முழு உரைப்பதிவைத் தங்கள் இணையதளத்தில் வைக்க வேண்டும் என்று சொன்னது. பேச்சும் சுருக்கமும் இப்போது தனித்தனியே கிடைப்பதால், எது விடுபட்டது என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மினிட்ஸைப் பார்க்கப் பெரிய முதலீட்டாளராக இருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்குப் போய், அலுவல் நேரத்தில் பொதுக்கூட்ட மினிட்ஸ் புத்தகத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். நேரத்தைக் கம்பெனி கட்டுப்படுத்தலாம். ஆனால் வேலைநாளில் இரண்டு மணி நேரத்துக்குக் குறைக்க முடியாது. நகல் கேட்டால் ஏழு வேலைநாளுக்குள் தர வேண்டும். பக்கத்துக்கு 10 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது. முந்தைய மூன்று நிதியாண்டுகளின் மினிட்ஸை மின்னணு வடிவில் கேட்டால் இலவசம். மறுத்தால் கம்பெனிக்கு 25,000 ரூபாய் அபராதம். பொறுப்பான அதிகாரி ஒவ்வொருவருக்கும் 5,000 ரூபாய். உடனே காட்டும்படி உத்தரவிடத் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்கும் அதிகாரம் இருக்கிறது.