சாயத்துக்குள் ஒரு பெட்டி

பழைய கறுப்பு வெள்ளை ஃபிலிமில் பூசிய வெள்ளி உப்புக்கு நீல ஒளி உறைக்கும். பச்சையும் சிவப்பும் உறைக்காது. சிவந்த உதடுகூடப் படத்தில் கறுத்துப்போய் விழும். இந்தக் குறையைப் போக்க, சயனைன் என்ற வகைச் சாயத்தை அந்த உப்பின் மேல் துளியளவு ஏற்றினார்கள். உப்பால் உறிஞ்ச முடியாத நிறத்தைச் சாயம் உறிஞ்சிக்கொண்டு, அதன் விளைவை உப்புக்குக் கடத்தியது. சாயம் தயாரித்தவர்கள் ஓர் ஒழுங்கையும் கண்டார்கள்: மூலக்கூறின் நடுச் சங்கிலியில் இரண்டு கார்பன் அணுக்களைக் கூட்டினால், அது உறிஞ்சும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 100 நானோமீட்டர் கூடியது.

ஏன் அப்படி? 1949-இல் சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஹான்ஸ் கூன் இதற்கு எளிமையான ஒரு கணக்கை வைத்தார். குவாண்டம் இயற்பியல் பாடத்தில் மாணவர்கள் முதன்முதலில் போடும் கணக்குதான் அது: ஒருபரிமாணப் பெட்டிக்குள் ஒரு துகள். வெறும் பயிற்சிக் கணக்கு என்று பலரும் தாண்டிவிடுகிற அதே கணக்கு.

பெட்டி என்றால் ஒரு கோடுதான். அதன் நீளம் L. கோட்டின் மேல் துகள் தடையின்றிச் செல்லலாம். இரு முனைகளிலும் எந்த ஆற்றலாலும் தாண்ட முடியாத சுவர். துகளை விவரிப்பது அலைச்சார்பு. சுவருக்கு வெளியே துகள் இருக்க முடியாததால் அங்கே அலைச்சார்பின் மதிப்பு பூஜ்யம். அது சட்டென்று அறுபடவும் கூடாது என்பதால் சுவரிலும் பூஜ்யம். இரு முனையும் கட்டிய வீணைத் தந்தியைப் போல, பெட்டிக்குள் அரை அலைகள் முழு எண்ணிக்கையில்தான் அடங்கும்: ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றரை அரை அலை அடங்காது.

அலைநீளம் குறையக் குறையத் துகளின் உந்தம் கூடும் என்பது 1924-இல் டி பிராய் தம் ஆய்வேட்டில் முன்வைத்த விதி. அரை அலைகளின் எண்ணிக்கை n என்றால் உந்தம் n மடங்கு. ஆற்றலோ உந்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக,

E = n²h²/8mL²

தந்தியின் உவமை இந்த இடத்தோடு முடிகிறது. தந்தியின் அதிர்வெண்கள் 1, 2, 3 என்று சீராக ஏறும். பெட்டியின் ஆற்றல்கள் 1, 4, 9, 16 என்று ஏறும். மேலே போகப் போகப் படிகளின் இடைவெளி அகலும். n பூஜ்யமாகவும் முடியாது. அப்படியானால் அலைச்சார்பு எங்குமே பூஜ்யம்; பெட்டியில் துகளே இல்லை என்று பொருள். பெட்டிக்குள் அடைபட்ட துகள் முழு ஓய்வில் இருக்க முடியாது என்பது இதிலிருந்து வருகிறது.

இனி சாயத்துக்கு வருவோம். சயனைன் மூலக்கூறின் இரு முனைகளிலும் ஒவ்வொரு நைட்ரஜன், நடுவே கார்பன் சங்கிலி. ஐந்து கார்பன் உள்ள எளிய சயனைன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சங்கிலி நெடுகத் திரியும் எலக்ட்ரான்கள் இதில் எட்டு. நைட்ரஜனிலிருந்து நைட்ரஜன் வரை ஆறு பிணைப்புகள். எலக்ட்ரான் முனை அணுவைச் சற்றுத் தாண்டியும் பரவும் என்பதால் பக்கத்துக்கு ஒரு பிணைப்பு நீளத்தைக் கூட்டினார் கூன். எட்டுப் பிணைப்பு, ஒவ்வொன்றும் 0.139 நானோமீட்டர், பெட்டியின் நீளம் 1.11 நானோமீட்டர். சூத்திரத்தில் இட்டால் அடிமட்ட ஆற்றல் சுமார் 0.30 எலக்ட்ரான் வோல்ட்.

பவுலியின் விதிப்படி ஒரு மட்டத்தில் இரண்டு எலக்ட்ரான்கள்தான் இருக்கலாம். எட்டு எலக்ட்ரான்களும் முதல் நான்கு மட்டங்களை நிரப்பிவிடும். ஒளி பட்டால் நான்காவதிலிருந்து ஒன்று ஐந்தாவதுக்குத் தாவ வேண்டும். 25-இலிருந்து 16 போக 9, அதை 0.304-ஆல் பெருக்கினால் 2.74 எலக்ட்ரான் வோல்ட். இதற்குரிய அலைநீளம் 453 நானோமீட்டர். ஆய்வகத்தில் அளந்தால் வருவது சுமார் 416. ஏழு கார்பனுக்குக் கணக்கு 579 என்கிறது, அளவீடு 519. ஒன்பது கார்பனுக்கு 706, அளவீடு 625. பிழை ஒன்பதிலிருந்து பதின்மூன்று சதவீதம். பெட்டியின் முனையைச் சற்று முன்னே இழுத்தால் பிழை இன்னும் குறையும். ஆனால் சாயத்துக்குச் சாயம் முனையை நகர்த்திக்கொண்டே போனால் அது விளக்கம் ஆகாது, ஒட்டுப்போடுவதுதான்.

ஆற்றல் கணக்கு இவ்வளவுதான். மாணவர்கள் தடுமாறுவது அலைச்சார்பின் பொருளில். அது துகள் போகும் பாதை அல்ல. கரைந்து பரவிய எலக்ட்ரானும் அல்ல. 1926-இல் மாக்ஸ் போர்ன் சொன்ன பொருள் இது: ஓரிடத்தில் அலைச்சார்பின் வர்க்கம் அங்கே துகள் அகப்படும் நிகழ்தகவின் அடர்த்தி. பெட்டியை மூன்று சம பங்காக்கித் துகளைத் தேடினால், முதல் மட்டத்தில் அது நடுப் பங்கில் அகப்பட 61 சதவீத வாய்ப்பு. இரண்டாம் மட்டத்தில் 20 சதவீதம்தான். இரண்டாம் மட்டத்தில் சரியான நடுப்புள்ளியில் அடர்த்தி பூஜ்யம்.

“நடுவில் இருக்கவே முடியாத துகள் இந்தப் பாதியிலிருந்து அந்தப் பாதிக்கு எப்படிப் போகிறது?” வகுப்புதோறும் எழும் கேள்வி இது. துகள் ஒரு பாதையில் நகர்கிறது என்று முதலிலேயே எண்ணிக்கொண்டு கேட்பதால் வரும் சிக்கல். அந்த மட்டத்தில் நிகழ்தகவு எந்தப் பக்கமும் பாய்வதில்லை. நேற்று இருந்த வடிவத்திலேயே இன்றும் இருக்கும். அசையாத மின்னூட்டம் ஒளியை வெளிவிடாது. அதனால்தான் இவற்றை நிலைத்த நிலைகள் என்கிறோம்.

அசைவு வருவது இரண்டு மட்டங்கள் கலக்கும்போது. நான்காவது அலைச்சார்பையும் ஐந்தாவதையும் கூட்டினால், பெட்டியின் ஒரு பாதியில் இரண்டும் ஒத்துப்போய் வலுக்கும். மறுபாதியில் ஒன்றையொன்று அழிக்கும். சற்று நேரத்தில் இது பக்கம் மாறும். எலக்ட்ரான் அகப்படும் வாய்ப்பு சங்கிலியின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஊசலாடும். ஊசலின் அதிர்வெண், இரு ஆற்றல்களின் வேறுபாட்டை h-ஆல் வகுத்தால் வருவது. நம் கணக்குப்படி விநாடிக்குச் சுமார் 660 லட்சம் கோடி முறை. சாயம் உறிஞ்சும் ஒளியின் அதிர்வெண்ணும் அதுவேதான். வர்க்கமாக்கும்போது மறைந்துபோகும் கூட்டல், கழித்தல் குறிக்கு இங்கேதான் வேலை வருகிறது. கலந்த நிலையில் ஆற்றலை அளந்தால் விடை நான்காவது மட்டமாகவோ ஐந்தாவதாகவோ இருக்கும். இடைப்பட்ட எண் ஒருபோதும் வராது. பலமுறை அளந்து சராசரி எடுத்தால் மட்டுமே நடுவில் ஓர் எண் கிடைக்கும்.

இந்தப் பெட்டி எல்லா மூலக்கூறுக்கும் பொருந்தாது. கேரட்டின் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டினில் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பதினொரு இரட்டைப் பிணைப்பு, 22 எலக்ட்ரான், பெட்டி கிட்டத்தட்ட 3 நானோமீட்டர். பதினோராம் மட்டத்திலிருந்து பன்னிரண்டாவதுக்குத் தாவ ஒரு எலக்ட்ரான் வோல்ட்டே போதும் என்று விடை வரும். அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. உண்மையில் கரோட்டின் உறிஞ்சுவது 450 நானோமீட்டருக்கு அருகில், நீலத்தை.

தவறு பெட்டியின் தளத்தில் இருக்கிறது. சயனைனின் நேர்மின்னூட்டம் இரண்டு நைட்ரஜனுக்கும் சமமாகச் சொந்தம். அதனால் சங்கிலியின் பிணைப்புகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம், தளம் சமதளம். கரோட்டினிலோ குட்டை, நெட்டை என்று பிணைப்புகள் மாறிமாறி வருகின்றன. மேடுபள்ளமான தளத்தில் நிரம்பிய மட்டங்களுக்கும் காலி மட்டங்களுக்கும் நடுவே கூடுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிடுகிறது. சங்கிலியை எவ்வளவு நீட்டினாலும் அது மறையாது. இதே வகைச் சங்கிலியை மிக நீளமாகக் கொண்ட பாலிஅசிட்டிலீனில்கூட அந்த இடைவெளி சுமார் 1.5 எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது. அதனால் வேறு பொருள் எதுவும் கலக்காத பாலிஅசிட்டிலீன் உலோகம் அல்ல, குறைக்கடத்தி.