ஒரு தடவை பார்த்தால் போதும்

1963ஆம் ஆண்டு நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் கோரே பெர்க் என்ற மரபியல் மருத்துவர் முயல்களை வைத்து ஒரு சோதனை செய்துகொண்டிருந்தார். மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த கொழுப்புத் துகள்களை முயலுக்கு ஊசியாகப் போட்டால், முயலின் உடல் அவற்றை அந்நியப் பொருளாக எண்ணி எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். அந்த எதிர்ப்புப் பொருளைப் பிரித்து, பலருடைய ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தார் பெர்க். ஏறத்தாழ மூன்றில் ஒருவருடைய ரத்தம் மட்டும் அதனுடன் வினை புரிந்தது. குடும்பம் குடும்பமாகச் சோதித்தபோது, வினை புரிகிற தன்மை பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கியது.

ரத்த வகையைக் கண்டுபிடிக்கிற அதே முறை. 'இருக்கிறது', 'இல்லை' என்று ஆட்களை இரண்டாகப் பிரிக்கிற கணக்கும் அதேதான். பெர்க் கண்ட பொருளுக்கு லிப்போபுரோட்டீன் (ஏ) என்று பெயர். இன்று இதய மருத்துவர்கள் சுருக்கமாக 'எல்பி லிட்டில் ஏ' என்கிறார்கள். பிறகு நுட்பமான கருவிகள் வந்தபோது, கிட்டத்தட்ட எல்லாருடைய ரத்தத்திலும் அது இருப்பது தெரிந்தது. ஆளுக்கு ஆள் அளவுதான் வேறு; அந்த வேறுபாடு ஆயிரம் மடங்கு வரை போகும். ஆனாலும் ரத்த வகையோடு உள்ள ஒற்றுமை முழுக்கப் பொய்யாகிவிடவில்லை. ஒருவருக்கு வாய்த்த அளவு ஏறக்குறைய ஐந்து வயதிலேயே நிலைபெற்று, பெரும்பாலும் அப்படியே கடைசி வரை இருக்கிறது.

அந்தத் துகளின் அமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். 'கெட்ட கொழுப்பு' என்று நாம் சொல்லும் எல்.டி.எல். துகளேதான் இதன் உடல். அதனோடு கூடுதலாக ஒரு நீண்ட புரத வால் கொக்கி போட்டதுபோல் இணைந்திருக்கும். 1987இல் இந்த வாலின் மரபணுவை வரிசைப்படுத்தியவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. ரத்தக் கட்டிகளைக் கரைக்க உதவும் பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தின் மரபணு என்றோ ஒரு காலத்தில் நகலெடுக்கப்பட்டு, திரிந்துபோய், இந்த வாலாக மாறியிருக்கிறது. பார்வைக்கு அதே சாயல், ஆனால் கட்டியைக் கரைக்கத் தெரியாது. மனிதனுக்கும் சில குரங்கினங்களுக்கும்தான் இது உண்டு. முள்ளெலியிடமும் இதைப் போன்ற ஒன்று இருக்கிறது. அது தனி வழியில் தானாக உருவாக்கிக்கொண்டது. எலியிடம் இந்த மரபணு இல்லாததால், எலிகளை வைத்தே மருந்து தேடும் ஆய்வுக்கூடங்களுக்கு இது நெடுங்காலம் தலைவலியாக இருந்தது.

வாலில் ஒரே மாதிரியான வளையங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எத்தனை வளையம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சிலருக்கு மிகச் சில. சிலருக்கு நாற்பதுக்கும் மேல். அப்பாவிடமிருந்து ஒரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொருவருக்கும் இரண்டு வால் அளவுகள் வாய்க்கின்றன. வால் நீளமாக இருந்தால் ஈரல் செல் அதை ஒழுங்காக மடித்து வெளியே அனுப்பத் திணறும். நிறைய உள்ளேயே சிதைக்கப்பட்டுவிடும். குட்டை வாலுக்கு அந்தச் சிரமம் இல்லை, விறுவிறுவென்று ரத்தத்தில் சேரும். ஆகவே வால் குட்டையானால் பொதுவாக அளவு அதிகம்.

இங்கே தீர்மானிப்பது உற்பத்தி வேகம். ரத்தத்திலிருந்து கொழுப்பு எவ்வளவு சீக்கிரம் அகற்றப்படுகிறது என்பதற்கு இதில் பெரிய பங்கில்லை. எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் அகற்றும் வேலையைத்தான் முடுக்குகின்றன என்பதால் இதன்மேல் அவற்றின் கை ஓங்குவதில்லை. சிலருக்குச் சற்றே கூடவும் செய்கிறது. எண்ணெயைக் குறைத்தாலும், முட்டையை விட்டாலும், காலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்தாலும் இந்த எண் பெரிதாக அசையாது.

பாப் ஹார்ப்பர் இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மற்றவர்களை உடல் இளைக்கவைத்த பயிற்சியாளர் அவர். 2017 பிப்ரவரியில், 51 வயதில், நியூயார்க்கில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்திலேயே மாரடைப்பில் சரிந்து விழுந்தார். அங்கே தற்செயலாக இருந்த ஒரு மருத்துவர் நெஞ்சை அழுத்தி, மின் அதிர்வு கொடுத்து உயிரைப் பிடித்து நிறுத்தினார். லிப்போபுரோட்டீன் (ஏ) தனக்கு மிக அதிகம் என்று ஹார்ப்பர் பிறகு வெளிப்படையாகவே பேசினார். உடற்பயிற்சி வீண் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது கைகொடுக்காது, அவ்வளவுதான்.

சரி, அளவு அதிகமாக இருப்பவர்களுக்கு மாரடைப்பும் அதிகம் வருகிறது என்றால், அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2009இல் இதற்கு மரபணு வழியாகவே விடை தேடினார்கள். குட்டை வால் யாருக்கு வாய்க்கும் என்பது கருவிலேயே குலுக்கல்போல் முடிவாகிவிடுகிறது. அவர் புகைபிடிப்பவரா, என்ன சாப்பிடுகிறார் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தக் குலுக்கலில் குட்டை வால் விழுந்தவர்களுக்கு மாரடைப்பும் கூடுதலாகவே வந்திருந்தது. இதயத்தின் பெருந்தமனி வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிப்போவதற்கும் இதே மரபணு ஒரு காரணம் என்பது 2013இல் தெரியவந்தது.

வழக்கமான 'லிப்பிட் புரொஃபைல்' பரிசோதனையில் இது தனியாகத் தெரியாது. இந்தத் துகளுக்குள் இருக்கும் கொலஸ்டிராலும் எல்.டி.எல். எண்ணுக்குள் சேர்ந்துவிடும். ஒருவர் ஸ்டாட்டினை ஒழுங்காகப் போட்டும் எல்.டி.எல். எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை என்றால், சந்தேகப்பட வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

ஒரு கற்பனை ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். வயது 42, புகைப்பழக்கம் இல்லை, சர்க்கரை இல்லை. அப்பாவுக்கு 49 வயதில் மாரடைப்பு. மொத்தக் கொலஸ்டிரால் 196, எச்.டி.எல். 42, டிரைகிளிசரைடு 150, எல்.டி.எல். 124. நம் ஊரில் பலர் "பரவாயில்லை" என்று மடித்து வைத்துவிடுகிற எண்கள். கீழே தனி வரியில் லிப்போபுரோட்டீன் (ஏ): லிட்டருக்கு 210 நானோமோல். 125க்கு மேல் போனாலே அதிகம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை.

பிரிட்டனில் லட்சக்கணக்கானோரைத் தொடர்ந்து கவனித்த 'பயோபேங்க்' ஆய்வின்படி, 50 நானோமோல் கூடுகிற ஒவ்வொரு முறையும் இதய, ரத்தக்குழாய் நோய்க்கான வாய்ப்பு சுமார் 11 சதவீதம் ஏறுகிறது. 20 நானோமோல் உள்ளவரோடு ஒப்பிட்டால், 210 உள்ளவருக்கு வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மற்ற எல்லாம் இவரைப் போலவே இருக்கும் 100 பேரில் பத்தாண்டுக்குள் 10 பேர் நோயில் விழுவார்கள் என்று வைத்துக்கொண்டால், இந்த வால் சேரும்போது அது 15 ஆகிறது.

"டாக்டர், மூணு மாசம் பத்தியமா இருந்துட்டு மறுபடி டெஸ்ட் எடுக்கட்டுமா?" என்பார் நம் 42 வயதுக்காரர். அந்த டெஸ்ட்டுக்குக் கொடுக்கிற பணம் வீண். 210 ஏறக்குறைய 210ஆகத்தான் வரும். மருத்துவர் கை வைப்பது 124 என்ற எல்.டி.எல். எண்ணில். எல்.டி.எல். 39 மில்லிகிராம் குறைகிற ஒவ்வொரு முறையும் ஆபத்து ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயே குறைகிறது என்று பெரிய ஸ்டாட்டின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 124ஐப் பாதியாக்கி 62க்குக் கொண்டுவந்தால், அந்த 15 மீண்டும் 10 பக்கம் இறங்குகிறது. கணக்கு தோராயமானதுதான். ஆனால் மாற்ற முடியாத ஓர் எண்ணை ஏன் அளக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது: மாற்ற முடிகிற எண்ணை எவ்வளவு இறக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் இதே கண்டிப்புதான்.

அதோடு இந்த ரிப்போர்ட் ஒருவருடையதும் அல்ல. அந்தக் குட்டை வால் அப்பாவிடமிருந்து வந்திருந்தால், இவருடைய உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இவருடைய பிள்ளைகளுக்கும் அப்படியே. தங்கைக்கு 12 என்று வரலாம், தம்பிக்கு 190 என்று வரலாம். மருத்துவர் அவர்களையும் ஒரு தடவை பார்க்கச் சொல்வது அதனால்தான்.

தெற்காசியர்களுக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. அதே பயோபேங்க் ஆய்வில் வெள்ளையர்களின் நடு அளவு 19 நானோமோல். தெற்காசிய வம்சாவளியினருக்கு 31. ஏழு இனக்குழுக்களை ஒப்பிட்ட 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்த தெற்காசியர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. எல்லா வயது வந்தவர்களும் வாழ்நாளில் ஒரு முறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2019இல் சொன்னது; இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது.

பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது அலகை. சில லேப்கள் மில்லிகிராமில் தருகின்றன, சில நானோமோலில். முன்னது எடை, பின்னது எண்ணிக்கை. வாலின் நீளம் ஆளுக்கு ஆள் மாறுவதால் ஒரு துகளின் எடையும் மாறுகிறது. எனவே ஒன்றை மற்றொன்றாக்க எல்லாருக்கும் பொருந்தும் பெருக்கல் எண் கிடையாது. 'போன வருஷம் 84, இந்த வருஷம் 200' என்று பதறி வருபவர்களில் சிலருக்கு ரத்தத்தில் எதுவுமே மாறியிருக்காது, லேப் மாறியிருக்கும். வளையங்களின் எண்ணிக்கையால் ஏமாறாத முறையில் அளந்து நானோமோலில் தருவதையே வல்லுநர்கள் விரும்புகிறார்கள்.

'ஒரு தடவை' என்பதற்கு விலக்குகளும் உண்டு. கடும் காய்ச்சலிலோ மாரடைப்பு வந்த கையோடோ எடுத்தால் எண் தவறாகக் காட்டக்கூடும். உடம்பு தேறியபின் பார்ப்பது நல்லது. சிறுநீரில் புரதம் கொட்டும் சிறுநீரக நோயிலும் தைராய்டு குறைவிலும் அளவு ஏறும், ஈரல் கெட்டால் இறங்கும். கர்ப்ப காலத்தில் கூடும். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு ஓரளவு ஏறும். 75க்கும் 125க்கும் இடையில் எல்லைக்கோட்டில் வந்தவர்களுக்கு இன்னொரு முறை பார்க்க நியாயம் இருக்கிறது. 8 என்றோ 300 என்றோ வந்தவர்களுக்கு அந்தத் தேவை அரிது.

இந்த வழக்கத்தையே மாற்றக்கூடிய மருந்துகள் சோதனையில் இருக்கின்றன. பெலகார்சன், ஓல்பசிரான், லெப்போடிசிரான் ஆகியவை ஈரல் செல்லுக்குள் அந்த மரபணுவின் செய்தியையே அழித்து, வால் உருவாகாமல் தடுக்கின்றன. அளவை 80 முதல் 90 சதவீதத்துக்கும் மேலாகக் குறைத்துக் காட்டியிருக்கின்றன. அளவு குறைந்தால் மாரடைப்பும் குறைகிறதா என்பதைப் பல ஆயிரம் பேரை வைத்து நடக்கும் ஆய்வுகள்தான் சொல்ல வேண்டும். குறைகிறது என்று தெரிந்து அவை மருந்துக்கடைக்கு வந்துவிட்டால், ஊசி போட்டுக்கொள்பவர்கள் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இந்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.