“என்னை ரெஃபர் பண்ண முடியுமா அண்ணா?”

“அண்ணா, நல்லா இருக்கீங்களா? உங்க கம்பெனியில ஏதாவது ஓபனிங் இருந்தா சொல்லுங்க.” முன்பு கூட வேலை பார்த்தவர்களிடமிருந்து இப்படி வாட்ஸ்அப் செய்தி வராதவர்கள் குறைவு. “பார்க்கிறேன்பா” என்று பதில் வரும். விஷயம் அங்கேயே நின்றுவிடும். அவருக்கு மனமில்லை என்று நினைக்க வேண்டாம். அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு அவரால் எதுவும் செய்ய முடியாது, அவ்வளவுதான்.

பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ரெஃபரல் வாய்ப்பேச்சில் நடப்பதில்லை. ஊழியர் தங்கள் நிறுவனத்தின் உள்தளத்தில் நுழைந்து, வேலைக்கான எண்ணைத் தேர்ந்தெடுத்து, ரெஸ்யூமை ஏற்றி, ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். இவரை உங்களுக்கு எப்படித் தெரியும், இந்த வேலைக்கு ஏன் பொருத்தம் என்ற கேள்விகள் அதில் அநேகமாக இருக்கும். நாம் அனுப்பும் செய்தி இந்த இரண்டுக்கும் விடை தர வேண்டும். நலம் விசாரிப்பு ஒரு வரி போதும்.

நாலு வருஷமாகப் பேசவே இல்லையே, இப்போது போய்க் கேட்பதா என்ற கூச்சம் பலருக்கு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள நியூட்டனில் வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் சுமார் ஆறில் ஒருவர்தான் அடிக்கடி சந்திக்கும் ஆள் மூலம் பெற்றிருந்தார். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது, அல்லது அபூர்வமாகப் பார்க்கும் ஆட்கள். காரணம் எளிது: நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கோயம்புத்தூரில் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவர், ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தில் வரிக் கணக்கு வேலைக்கு ஆள் எடுப்பதைப் பார்க்கிறார். ஜிஎஸ்டி ஒப்பீடு, டிடிஎஸ் தாக்கல், மூன்று வருட அனுபவம், எஸ்ஏபி தெரிந்திருந்தால் நல்லது என்கிறது விளம்பரம். பழைய சீனியர் ஒருவர் அங்கே இருக்கிறார். அவருக்கு இப்படி எழுதலாம்:

“வணக்கம் அண்ணா, நல்லா இருக்கீங்களா? உங்க கம்பெனியில சீனியர் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு ஆள் எடுக்கறாங்க; லிங்க்கும் வேலை எண்ணும் கீழே இருக்கு. நாம சேர்ந்து 2021 ஆடிட்டுக்கு வெண்டார் பாக்கி எல்லாம் சரிபார்த்தது நினைவிருக்கும். அதுக்கப்புறம் மூணு வருஷமா மாசம் 600 பில் வரைக்கும் ஜிஎஸ்டிஆர்-2பி-யோட நானே ஒப்பிட்டு, பொருந்தாததை 3பி தாக்கலுக்கு முன்னாடியே சப்ளையர்கிட்ட பேசிச் சரி பண்றேன். டிடிஎஸ் ரிட்டர்னும் நான்தான். டேலியில நல்ல பழக்கம். எஸ்ஏபி-யில என்ட்ரி மட்டும் போட்டிருக்கேன். நோட்டீஸ் 30 நாள். பொருத்தம்னு உங்களுக்குத் தோணினா ரெஃபர் பண்ண முடியுமா? சிரமம்னா தயங்காம சொல்லுங்க அண்ணா.”

இதில் உயிரான இடம் 2பி பற்றிய வரி. “ஜிஎஸ்டி நன்றாகத் தெரியும்” என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். சப்ளையர் தன் விற்பனையைக் காட்டாமல் விட்டால் அந்த பில்லின் வரி வரவு 2பி-யில் வராது, நிறுவனத்தின் பணம் முடங்கும். அதைத் தாக்கலுக்கு முன்பே பிடிப்பவர் என்பது கணக்குப் பிரிவு மேலாளருக்கு உடனே புரியும். ஆடிட் பற்றிய வரி வேறு வேலை செய்கிறது: சீனியர் தன் கண்ணால் பார்த்ததை வைத்துப் படிவத்தை நிரப்பலாம். எஸ்ஏபி குறையை மறைக்காததும் அவருக்காகத்தான். நேர்காணலில் அது வெளிப்பட்டால் பேர் கெடுவது அவருக்கும் சேர்த்துத்தான்.

வரிசை மாறினால் காரியம் கெடும். முதலில் நாமே நிறுவனத்தின் தளத்தில் விண்ணப்பித்துவிட்டு, பிறகு ரெஃபரல் கேட்டால், பல இடங்களில் ‘ஏற்கெனவே பதிவில் உள்ளவர்’ என்று அது தள்ளுபடியாகும். அதனால் கேட்டுவிட்டு இரண்டு மூன்று நாள் பொறுத்திருப்பது நல்லது; கடைசித் தேதி நெருங்கிவிட்டால் மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு நேரடியாக விண்ணப்பிக்கலாம். ரெஸ்யூமை பிடிஎஃப் ஆக, அந்த வேலைக்கேற்பத் திருத்தி, முதல் செய்தியோடே அனுப்பிவிட வேண்டும். “ரெஸ்யூம் அனுப்புப்பா” என்று அவர் கேட்டு, நாம் அனுப்பி, அவர் மறந்து ஒரு வாரம் போவது சகஜம்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அவர் ரெஃபர் செய்த பிறகு மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தாலும், வேறு இடத்தில் வேலை கிடைத்தாலும் அன்றே அவருக்குச் சொல்லிவிட வேண்டும். அவருடைய மேலாளர், “நீங்க சொன்ன ஆள் என்ன ஆனார்?” என்று அவரைத்தான் கேட்பார்.