வெபினாரைச் சுருக்க, கேள்வி நேரத்திலிருந்து தொடங்குங்கள்

ஒன்றரை மணி நேர வெபினாரைத் தவறவிட்ட சக ஊழியர்களுக்கு ஒரு பக்கச் சுருக்கம் எழுதப்போகிறீர்களா? பதிவின் கடைசிப் பகுதியை, கேள்வி நேரத்தை, முதலில் கேளுங்கள். ஸ்லைடில் இருப்பதை யாரும் பிறகு படித்துக்கொள்ளலாம். நடைமுறைச் சிக்கல் வெளிப்படுவது கேள்விகளில்தான்.

ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் பற்றிய ஒரு வெபினாரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அதை இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் பதிவேற்ற வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பேச்சாளர் இதை விளக்கி முடித்ததும் ஒருவர், “அதுக்கும் உண்டா சார்?” என்கிறார். “ஆமாம், உண்டு” என்று பதில் வருகிறது.

இதை அப்படியே எழுதினால் யாருக்கும் புரியாது. கேள்வி தட்டச்சில் வந்திருந்தால் வீடியோவில் அது தெரியாமலும் போகலாம். அதனால் சாட் கோப்பையும் கேள்விப் பட்டியலையும் நடத்தியவர்களிடம் கேட்டு வாங்குங்கள். பிறகு கேள்வியை முழு வாக்கியமாக எழுதுங்கள்: “கிரெடிட் நோட்டுக்கும் 30 நாள் கெடு உண்டா? உண்டு, டெபிட் நோட்டுக்கும் உண்டு.” பக்கத்தில் பதிவின் நிமிடத்தைக் குறித்தால், சந்தேகம் உள்ளவர் நேராக அங்கே போய்க் கேட்கலாம்.

எண்களைக் காதால் கேட்டு மட்டும் எழுதாதீர்கள். ஸ்லைடோடு ஒப்பிட்டு, ஓர் எடுத்துக்காட்டும் சேருங்கள். ஏப்ரல் 1 தேதியிட்ட பில்லை ஏப்ரல் 30-க்குப் பிறகு பதிவேற்ற முடியாது என்று எழுதினால், பில் தேதியும் ஒரு நாளாகக் கணக்கில் சேர்வது விளங்கிவிடும்.

கேள்விகளை வந்த வரிசையில் அடுக்க வேண்டியதில்லை. கெடு பற்றியவை ஒரு பக்கம், ரத்து பற்றியவை இன்னொரு பக்கம் என்று சேருங்கள். தவறாகப் பதிவான இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள்தான் போர்ட்டலில் ரத்து செய்யலாம் என்ற பதிலைப் பேச்சாளர் இரண்டு இடங்களில் சொல்லியிருந்தாலும், சுருக்கத்தில் ஒரே இடத்தில் வரட்டும்.

ஒவ்வொரு பதிலும் எவ்வளவு உறுதியானது என்பதையும் குறியுங்கள். விதியில் உள்ளது ஒரு வகை. “என் அனுபவத்தில் இப்படிச் செய்யலாம்” என்பது வேறு வகை. “பார்த்துச் சொல்கிறேன்” என்பது மூன்றாம் வகை. மூன்றாவதை விட்டுவிட்டால் அந்தக் கேள்வி எழவே இல்லை என்று படிப்பவர் நினைப்பார். ‘பதில் வரவில்லை’ என்று எழுதி, யார் விசாரிப்பது என்பதையும் சேருங்கள்.

எல்லாம் முடிந்தபின், படிப்பவர் இன்று செய்ய வேண்டியதைப் பக்கத்தின் உச்சியில் வையுங்கள்: “பதிவேறாத பில்களை இன்றே தேதிவாரியாகப் பாருங்கள்.” அந்த ஒரு வரியைப் படித்து ஒருவர் வேலையைத் தொடங்க முடிந்தால், சுருக்கம் சரியாக அமைந்திருக்கிறது.