உங்களுக்குத் தெரியுமா? மறுபக்கம் வாரினால் வழுக்கை மறையாது

வழுக்கையை முடியால் மூடும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமையே வழங்கியிருக்கிறார்கள்! ஃப்ளோரிடாவைச் சேர்ந்த ஃபிராங்க் ஸ்மித், டொனால்ட் ஸ்மித் இருவரும் 1977 மே மாதம் அதைப் பெற்றார்கள். எண் 4022227. தலையில் மிச்சமிருக்கும் முடியை நீளமாக வளர்த்து மூன்று பாகமாகப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துப் படியவைத்து, ஸ்ப்ரே அடித்து நிறுத்துவதுதான் முறை. ஒரு பக்க முடி மட்டும் போதாது, மூன்று அடுக்காவது வேண்டும் என்பதை அவர்கள் அப்போதே கண்டுகொண்டிருந்தார்கள். 2004இல் இதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது.

*

மறுபக்கம் வாரிய பிறகும் தோல் தெரிவது முடியின் எண்ணிக்கை போதாததால்தான் என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டால் விஷயம் வேறு. நல்ல தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 0.07 மி.மீ. நெற்றியிலிருந்து உச்சிவரை 10 செ.மீ. இடத்தை இடைவெளியே இல்லாமல் ஒரு வரிசையாக மூட, ஏறக்குறைய 1,400 முடி போதும். காதுக்கு மேலே ஒரு சதுர செ.மீ. இடத்தில் நூற்றுக்கும் அதிகமான முடி இருக்கும். இரண்டு விரல்கடை உயரத்துக்கு அங்கிருந்து எடுத்தாலே 1,400 தேறிவிடும். அப்படியானால் ஏன் மூடுவதில்லை?

முடிகள் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாகப் படுப்பதில்லை. வியர்வையோ எண்ணெயோ பட்டதும் பத்து, இருபது முடிகள் ஒட்டி ஒரே கற்றையாகிவிடும். பத்து முடி பரவ வேண்டிய அகலத்தில் மூன்று, நான்கு முடியின் அகலம்தான் மூடப்படும், மீதி இடமெல்லாம் தோல். காலையில் சீப்பு போட்டதும் கண்ணாடியில் சரியாகத் தெரிந்தது, பஸ் ஏறி அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் வரிவரியாகப் பிரிந்து நிற்பது இதனால்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு அரைமணி நேரம்கூட ஆகாது. கறுப்பு முடிக்கும் அடியில் இருக்கும் தோலுக்கும் நிற வித்தியாசம் அதிகம் என்பதால் ஒவ்வொரு வரியும் எடுப்பாகவே தெரியும்.

*

காதோரத்து முடி எந்தத் திசையில் வளர்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? கீழ்நோக்கி. அதை மேலே தூக்கி மறுபக்கம் கொண்டுபோகும்போது வேரடியிலேயே எதிர்த்திசையில் வளைக்கிறோம். காற்று அடித்தாலும், ஹெல்மெட்டைக் கழற்றினாலும், அது தன் பழைய திசைக்கே திரும்பும். இதோடு இன்னொரு அடையாளமும் சேர்ந்துகொள்கிறது: வழுக்கை பரவப் பரவ வகிடு காதை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது வழுக்கை இல்லை, இடம் மாறிய அந்த வகிடுதான்.

*

மறுபக்கம் வாருவதற்கு மாற்று, குட்டையாக வெட்டுவது. சரி, அது மட்டும் எப்படி நிறைவாகத் தெரியும்? பரம்பரையாக வரும் வழுக்கையில் முடி ஒரேநாளில் உதிர்ந்துவிடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் முன்னைவிட மெல்லியதாக, குட்டையாக முளைக்கிறது. கடைசியில் 0.03 மி.மீ.க்கும் கீழே இளைத்துவிடும். இந்த மெல்லிய முடியை நீளமாக விட்டால் தன் எடையைத் தானே தாங்காமல் படிந்து, ஒட்டிக்கொள்ளும். ஒரு செ.மீ.க்குக் குறைத்தால் அதே முடி தனித்தனியாக நிமிர்ந்து நிற்கும். கற்றையாகச் சேர நீளம் இல்லை. அதைவிட முக்கியமானது, பக்கத்து அடர்த்திக்கும் மேலே உள்ள மெலிவுக்கும் உள்ள வேறுபாடு குறைவது. மேலே எவ்வளவு இருக்கிறது என்பதைக் கண் தனியாக அளப்பதில்லை, காதோரத்தோடு ஒப்பிட்டே அளக்கிறது. அதனால் பக்கங்களை மேல்பகுதியைவிடக் குட்டையாக வைப்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

*

ஓர் உதாரணத்தோடு சலூனுக்குப் போய்ப் பார்ப்போம். ஒருவருக்கு 45 வயது. நெற்றி இரண்டு பக்கமும் ஏறிவிட்டது, உச்சிச் சுழியில் உள்ளங்கை அளவு மெலிவு, நடுவில் இன்னும் ஓரளவு முடி இருக்கிறது. மறுபக்கம் வாருவதற்காக வலது காதுக்கு மேலே 15 செ.மீ. வளர்த்திருக்கிறார். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு செ.மீ. வளரும், ஆக அது ஒரு வருடத்துக்கும் மேலான வளர்ச்சி. வெட்டத் தயங்குவது நியாயமே.

முதலில் அந்த நீளக் கற்றையைக் கத்திரியால் எடுத்துவிடச் சொல்ல வேண்டும். பிறகு மெஷின். பக்கங்களுக்கும் பின்னந்தலைக்கும் ஒன்றாம் நம்பர், அதாவது 3 மி.மீ. மேலே மூன்றாம் நம்பர், சுமார் 10 மி.மீ. இரண்டும் சேரும் இடத்தில் கோடு தெரியாதபடி இரண்டாம் நம்பரை ஓட்டிக் கலக்க வேண்டும். இங்கேயே நிறுத்தி, விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்து உச்சியை போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். முன்னால் இருக்கும் கண்ணாடி உச்சியைக் காட்டாது. சுழி இன்னும் வட்டமாகத் தனித்துத் தெரிந்தால் மேலேயும் இரண்டாம் நம்பர், 6 மி.மீ. எப்போதும் பெரிய நம்பரில் ஆரம்பித்து இறங்குவதே நல்லது. இறங்கியபின் ஏற வழியில்லை.

இவருக்குப் பெரும்பாலும் இரண்டாம் நம்பர் பொருந்தும். நெற்றி மட்டும் ஏறி உச்சி நன்றாக இருப்பவர்களுக்கு இவ்வளவு குறைக்க வேண்டியதில்லை. மேலே 2, 3 செ.மீ. விட்டு, சீராக இல்லாமல் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக வெட்டி, முன்னோக்கித் தள்ளிவிட்டாலே போதும். முடி வளரும் திசையும் ஏறக்குறைய அதுவே என்பதால் பிடிவாதம் செய்யாது. ரோமின் ஜூலியஸ் சீசரும் உச்சி முடியை இப்படி முன்னால் வாரிக்கொண்டவர்தான் என்று சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார்.

நெற்றி வழுக்கையும் உச்சி வழுக்கையும் ஒன்றாகச் சேர்ந்து, சுற்றிலும் லாடம்போல முடி நிற்கிறதா? அங்கே மேலே மூன்று, பக்கத்தில் ஒன்று என்ற கணக்கு உதவாது. தலை முழுவதும் ஒன்றாம் நம்பர், அல்லது மழித்துவிடுவது. லாடத்தை வளரவிட்டால் வழுக்கையின் எல்லைக்கோடு அழுத்தமாகும். தாடி அடர்த்தியாக வருபவர்கள் 5 மி.மீ. அளவில் வைத்துக்கொண்டால் முகத்தின் கனம் கீழே இறங்கும், தலை அவ்வளவு வெறுமையாகத் தெரியாது.

*

தேங்காய் எண்ணெயை விட வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும். இரவில் தடவி, காலையில் அலசிவிடுங்கள். எண்ணெயோடு வெளியே போனால் குட்டை முடியும் ஒட்டிக்கொண்டு பளபளக்கும். ஜெல்லும் அப்படியே. பளபளப்பு இல்லாத கிரீமைப் பட்டாணி அளவுக்கு எடுத்து, காய்ந்த முடியில் தடவலாம்.

*

வட்டவட்டமாகத் திடீரென முடி கொட்டினால் அது பெரும்பாலும் புழுவெட்டு. சில வாரங்களிலேயே தலை முழுவதும் கொத்தாக உதிர்ந்தால் தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, கடுமையான காய்ச்சலின் பின்விளைவு என வேறு காரணம் இருக்கலாம். சலூனுக்குப் போவதற்கு முன் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் இவர்கள்.

*

இரண்டாம் நம்பர் வெட்டு மூன்று வாரத்தில் தன் வடிவத்தை இழந்துவிடும், ஏனென்றால் பக்கத்து முடி மேலே உள்ளதைவிட அடர்த்தியாகத் துளிர்த்து மறுபடியும் வேறுபாட்டைக் காட்டும். மேலே தொடாமல் பக்கங்களை மட்டும் இடையில் ஒருமுறை குறைத்தால் போதும். வருடக்கணக்கில் முடியின் நிழலில் இருந்த தோல் இப்போது நேர் வெயிலில் நிற்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனை உச்சியிலும் காது விளிம்பிலும் தடவி, மதிய வெயிலில் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.