எட்டுப் புள்ளி வித்தியாசம் எங்கே போனது?

அழகான பெற்றோருக்குப் பெண் குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதிகம் என்று 2007-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை சொன்னது. எழுதியவர் சடோஷி கனஸாவா, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பணியாற்றியவர். வெளியிட்டது கோட்பாட்டு உயிரியலுக்கான நன்கு அறியப்பட்ட ஓர் ஆய்விதழ். அமெரிக்காவில் சுமார் 3,000 பேரிடம் எடுத்த கணக்கெடுப்புதான் ஆதாரம். நேர்காணல் எடுக்கப் போனவர்கள் ஒவ்வொருவரின் தோற்றத்தையும் ஐந்து படிகளில் மதிப்பிட்டிருந்தார்கள். ‘மிக அழகு’ என்ற உச்சப் படியில் இருந்தவர்களின் குழந்தைகளில் 56 சதவீதம் பெண்கள். மற்ற நான்கு படிகளையும் சேர்த்தால் 48 சதவீதம். வித்தியாசம் 8 சதவீதப் புள்ளி, அதன் திட்டப் பிழை ஏறத்தாழ 3.

கல்லூரியில் புள்ளியியல் படித்த யாரும் அடுத்த அடியை யோசிக்காமல் எடுத்து வைப்பார்கள். எட்டை மூன்றால் வகுத்தால் 2.7. இரண்டைத் தாண்டிவிட்டது, பி-மதிப்பு 0.01-க்கும் கீழே. இன்மைக் கருதுகோளை நிராகரிக்கலாம். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 2 முதல் 14 வரை. பூஜ்யம் அதற்குள் இல்லை. முடிவு: வித்தியாசம் உண்மையானது.

இந்த இடத்தில் நின்று, அந்த இடைவெளி எதைச் சொல்கிறது என்று கேட்க வேண்டும். உண்மையான வித்தியாசம் 2-க்கும் 14-க்கும் நடுவே இருக்க 95 சதவீத வாய்ப்பு உண்டு என்றுதான் பெரும்பாலோர் படிக்கிறார்கள். செம்முறைப் புள்ளியியல் அப்படிச் சொல்லவே இல்லை. அது உத்தரவாதம் தருவது செய்முறைக்கு. இதே போன்ற கணக்கெடுப்பைத் திரும்பத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு முறையும் இப்படியொரு இடைவெளியைப் போட்டால், நூற்றில் 95 இடைவெளிகள் உண்மையைப் பிடித்திருக்கும் என்கிறது. நம் கையில் இருக்கும் இந்த ஒற்றை இடைவெளி அந்த 95-ல் ஒன்றா, தவறிய ஐந்தில் ஒன்றா என்பது பற்றி அதற்குப் பேச்சே இல்லை.

நமக்கு வேண்டியதோ அந்தப் பேச்சுதான். அதைத் தருவது பேய்ஸ் முறை. ஆனால் அது ஒரு விலை கேட்கும். தரவைப் பார்ப்பதற்கு முன் இந்த விஷயத்தில் உனக்கு என்ன தெரியும் என்பதை எண்ணாக எழுதிக் கொடு என்கும். அந்த எண்வடிவ முன்னறிவுக்கு ‘ப்ரையர்’ என்று பெயர். தரவோடு அதைச் சேர்த்தபின் கிடைப்பது ‘போஸ்டீரியர்’. போஸ்டீரியரின் நடுவில் உள்ள 95 சதவீதத்தை வெட்டி எடுத்தால் அதுவே போஸ்டீரியர் இடைவெளி. உண்மையான மதிப்பு இதற்குள் இருக்க 95 சதவீத வாய்ப்பு என்று இதைத் தாராளமாகப் படிக்கலாம், ப்ரையரை ஏற்றுக்கொள்ளும் பட்சத்தில்.

கொலம்பியா பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மன் இந்த அழகு ஆய்வை எடுத்துக்கொண்டு செய்தது அதைத்தான். மனிதப் பிறப்பின் ஆண்-பெண் விகிதம் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சமல்ல. கோடிக்கணக்கான பிறப்புப் பதிவுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 48.8 சதவீதம் பெண்கள். பெற்றோரின் வயது, இனம், எத்தனையாவது குழந்தை என்று எதை வைத்துப் பிரித்துப் பார்த்தாலும் இந்த எண் ஒரு சதவீதப் புள்ளிகூட நகர்வது அரிது. அப்படியிருக்க, தோற்றம் என்ற ஒன்று அதை எட்டுப் புள்ளி நகர்த்தியிருக்குமா? இந்த அறிவை கெல்மன் ஒரு மணி வடிவ வளைவாக எழுதினார்: நடு பூஜ்யம், திட்ட விலக்கம் 0.25. தரவைப் பார்க்குமுன்னே, வித்தியாசம் மேலும் கீழுமாக அரைப் புள்ளிக்குள் இருக்க 95 சதவீத வாய்ப்பு என்பது இதன் பொருள்.

இனி இரண்டையும் சேர்க்க வேண்டும். கணக்கு எளியது. ஒவ்வொன்றுக்கும் அதன் பிழையின் வர்க்கத்தால் ஒன்றை வகுத்தால் வருவதுதான் எடை. தரவின் எடை ஒன்பதில் ஒன்று. ப்ரையரின் எடை, 0.25-இன் வர்க்கத்தால் ஒன்றை வகுக்க, 16. அதாவது தரவைப்போல் 144 மடங்கு. எனவே எட்டுப் புள்ளிக்குக் கிடைப்பது 145-ல் ஒரு பங்குதான்: 0.06. போஸ்டீரியர் இடைவெளி −0.4 முதல் 0.5 வரை. வித்தியாசம் பூஜ்யத்துக்கு மேலே இருக்கும் வாய்ப்பு 59 சதவீதம்.

செம்முறைச் சோதனைக்குப் பழகிய கண், பூஜ்யம் உள்ளே இருக்கிறதா என்றுதான் முதலில் தேடும். இருக்கிறது, ஆகவே முக்கியத்துவம் இல்லை என்று மூடி வைத்துவிடும். போஸ்டீரியர் இடைவெளியை அப்படிப் படித்தால் அதில் உள்ள செய்தியில் பாதி போய்விடும். பூஜ்யத்தைத் தொடுகிறதா என்பதைவிட, இடைவெளி எங்கே, எவ்வளவு அகலத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதே முக்கியம். இங்கே அது முழுவதும் அரைப் புள்ளி அளவுக்குள் அடங்கிவிட்டது. விளைவு ஒன்று இருந்தாலும் மிகச் சிறியது என்பது ஒரு செய்தி. இன்னொரு செய்தி அதைவிடப் பெரியது. தரவைப் பார்க்குமுன் நம் இடைவெளி −0.5 முதல் 0.5. பார்த்த பின் −0.4 முதல் 0.5. இரண்டும் அநேகமாக ஒன்றே. இந்தக் கணக்கெடுப்பு இந்தக் கேள்வியைப் பற்றி நமக்கு எதையும் கற்றுத் தரவில்லை. பி-மதிப்பு ஒருபோதும் சொல்லாத தகவல் இது. இந்த ப்ரையருக்குச் சமமான குரல் தரவுக்கும் வேண்டுமென்றால் 3,000 பேரைப்போல் 144 மடங்கு, அதாவது நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கணக்கெடுக்க வேண்டும்.

விடையை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு ப்ரையர் என்று பெயர் சூட்டலாமா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அதற்குப் பதில், ப்ரையரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது. திட்ட விலக்கத்தை நான்கு மடங்காக்கி 1 என்று வைத்தால் இடைவெளி −1.1 முதல் 2.7 வரை போகிறது. இன்னும் தாராளமாக 3 என்று வைத்தால், அதாவது தோற்றம் பாலின விகிதத்தை ஆறு புள்ளி வரை புரட்டக்கூடும் என்று ஒப்புக்கொண்டால், நடு மதிப்பு 4, இடைவெளி −0.2 முதல் 8.2. அந்த அளவு விட்டுக்கொடுத்தும் எட்டு பாதியாகிவிட்டது. 2 முதல் 14 என்ற பழைய இடைவெளி திரும்ப வர வேண்டுமென்றால் ப்ரையரையே தட்டையாக்க வேண்டும்: நாற்பது புள்ளி வித்தியாசமும் அரைப் புள்ளி வித்தியாசமும் நம்பத்தகுந்ததில் சமம் என்று. தட்டையான ப்ரையரைப் பலர் நடுநிலை என்று நினைக்கிறார்கள். பாலின விகிதம் பற்றித் தெரிந்த யாரும் நம்பாத ஒன்றை நம்பச் சொல்லும் ப்ரையர் அது. செம்முறை இடைவெளியை வாய்ப்பாகப் படிக்கும் ஒவ்வொருவரும் தம்மையறியாமல் இதைத்தான் ஏற்கிறார்கள்.

ப்ரையர் ஆபத்தாகும் இடமும் உண்டு. மேலே சொன்ன 48.8 என்ற எண்ணும் அரைப் புள்ளி அகலமும் இயற்கையான பிறப்புக்கு உரியவை. ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 953 பெண் குழந்தைகள் என்ற கணக்கு அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹரியானாவில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு 834 பெண்கள்தான். சதவீதத்தில் 45.5, மூன்று புள்ளிக்கும் மேல் கீழே. கருவிலேயே பாலினம் பார்த்து அழிக்கும் கொடுமை நடந்த இடத்தில் அமெரிக்க ப்ரையரைக் கொண்டுபோய் வைத்தால், சிறிய தரவு சொல்ல வரும் உண்மையை அது அமுக்கிவிடும்; குறுகிய, உறுதியான, தவறான இடைவெளி ஒன்று கையில் வந்து நிற்கும். ஆகவே ப்ரையர் எங்கிருந்து வந்தது, இந்த மக்களுக்கு அது பொருந்துமா என்ற இரண்டு கேள்விகளையும் தவிர்க்கவே கூடாது. தரவைப் பார்த்த பிறகு எழுதப்பட்ட ப்ரையரை ஏற்கவும் கூடாது.

உச்சப் படியை மட்டும் பிரித்து மற்றவற்றோடு ஒப்பிட்டதே ஒரு தேர்வுதான். ஐந்து படிகளையும் பயன்படுத்தி ஒரு கோடு வரைவது இன்னும் நேர்மையானது. ரிக்ரஷன் என்பது அதுதான். படிகளை −2 முதல் 2 வரை எண்ணாக்கினால், பெண் குழந்தைகளின் சதவீதம் வரிசையாக 50, 44, 50, 47, 56. சாதாரண ரிக்ரஷன் தரும் சாய்வு 1.5, திட்டப் பிழை 1.4. அழகு ஒரு படி ஏறினால் பெண் குழந்தைகள் ஒன்றரைப் புள்ளி கூடுவதாகப் பொருள். ஐந்தே புள்ளிகள் என்பதால் நம்பிக்கை இடைவெளி −2.9 முதல் 5.9 வரை நீள்கிறது. பழைய சோதனையே இப்போது கைவிரித்துவிட்டது. கெல்மனும் ஜெனிபர் ஹில்லும் அகி வெஹ்டாரியும் 2020-ல் வெளியிட்ட பாடநூலில் இதே தரவுக்கு ப்ரையரோடு ரிக்ரஷன் போட்டுக் காட்டுகிறார்கள். ஆர் மென்பொருளில் அது இவ்வளவுதான்:

```
library(rstanarm)
x <- c(-2, -1, 0, 1, 2)
y <- c(50, 44, 50, 47, 56)
fit <- stan_glm(y ~ x, data = data.frame(x, y),
                prior = normal(0, 0.2),
                prior_intercept = normal(48.8, 0.5))
posterior_interval(fit, prob = 0.95)
```

சாய்வுக்கு 0.2 என்ற அகலம் ஏன்? கீழ்ப் படியிலிருந்து மேல் படிக்கு நான்கு படிகள், நான்கு 0.2 சேர்ந்தால் 0.8. அதற்கு மேல் வித்தியாசம் இருப்பது அரிது என்பதுதான் நாம் அறிந்தது. ஓட்டினால் சாய்வு கிட்டத்தட்ட பூஜ்யம். இடைவெளி ஏறத்தாழ −0.4 முதல் 0.4. இங்கும் ப்ரையர் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. கடைசி வரியில் `prob = 0.95` என்று எழுதாமல் விட்டால் இந்த நிரல் 90 சதவீத இடைவெளியைத்தான் தரும். செம்முறை முடிவோடு ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் பேய்ஸ் இடைவெளி குறுகலாக இருக்கிறதே என்று வீணாக வியப்பார்கள்.

கெல்மனும் டேவிட் வீக்லியமும் 2009-ல் ‘அமெரிக்கன் சயின்டிஸ்ட்’ இதழில் எழுதியபோது இன்னொரு சோதனையும் செய்தார்கள். ‘பீப்பிள்’ பத்திரிகை ஆண்டுதோறும் வெளியிட்ட 50 அழகர்களின் பட்டியலை எடுத்து, அவர்களின் குழந்தைகளை எண்ணினார்கள். 1995 பட்டியலில் 32 பெண்கள், 24 ஆண்கள். பெண்கள் 57 சதவீதம். கனஸாவாவின் எட்டுப் புள்ளி அப்படியே உறுதியாகிவிட்டதுபோல் தெரியும். 2000 வரையிலான எல்லாப் பட்டியல்களையும் சேர்த்தபோது 329 குழந்தைகள். அவர்களில் பெண்கள் 157 பேர், 47.7 சதவீதம். பொது மக்கள்தொகையைவிட ஏறத்தாழ ஒரு புள்ளி குறைவு.