குறை இருந்தால் எங்களிடம் மட்டும்

நம் ஊர் ஓட்டல்களில் கல்லாவுக்கு மேலே ஒரு பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நிறை இருந்தால் நண்பர்களிடம் சொல்லுங்கள், குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கும். அதில் தவறு ஒன்றுமில்லை. சாம்பாரில் உப்புக் கரித்தால் முதலாளியிடம் சொல்வதுதான் முறை. புதிதாக உள்ளே வருகிறவருக்கும் அதனால் நஷ்டமில்லை. பக்கத்து மேஜைக்காரர் இலையை மூடும்போது முகம் எப்படி இருக்கிறது என்று அவர் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அதே வாசகம் ஒரு கடையின் வெப்சைட்டுக்குள் போனதும் பொருள் மாறிவிடுகிறது. அங்கே பக்கத்து மேஜை கிடையாது. கடைக்காரர் காட்டுகிற முகங்கள் மட்டுமே தெரியும். பொருள் வாங்கியவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போகிறது: "எங்கள் சேவை எப்படி இருந்தது?" சிரிக்கும் முகத்தைத் தொட்டால் கூகுள் ரிவ்யூ பக்கம் திறக்கும். வாடிய முகத்தைத் தொட்டால் கடைக்காரர் மட்டும் படிக்கக்கூடிய ஒரு படிவம் திறக்கும். இப்படி ஏற்பாடு செய்து தருகிற மென்பொருள்கள் உண்டு. கூகுளின் விதிகள் இதைத் தடை செய்கின்றன. திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து ரிவ்யூ கேட்கக் கூடாது, குறை எழுத வருகிறவரைத் தடுக்கவும் கூடாது.

போலி ரிவ்யூ எழுதுவது மோசடி என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவர்கூடப் பொய் எழுதாமலே ஒரு பக்கம் முழுவதும் பொய்யாகிவிட முடியும் என்பதுதான் பலருக்குப் படுவதில்லை. இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் ஃபேஷன் நோவா என்ற ஆடை நிறுவனம். அதன் வெப்சைட்டில் 4, 5 ஸ்டார் ரிவ்யூக்கள் தானாகவே வெளியாகும்படியும், அதற்குக் குறைந்தவை அனுமதிக்காகக் காத்திருக்கும்படியும் அமைத்திருந்தார்கள். 2015 கடைசியிலிருந்து 2019 நவம்பர் வரை, காத்திருந்த லட்சக்கணக்கான ரிவ்யூக்களுக்கு அந்த அனுமதி வரவே இல்லை என்பது அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2022 ஜனவரியில் 42 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொள்ள அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. வெளியான ரிவ்யூ எதையும் யாரும் ஜோடித்ததாக அந்த வழக்கு சொல்லவில்லை. சல்லடையின் கண் எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதுதான் அதன் விஷயம்.

சின்னக் கடையிலும் இந்தச் சல்லடை என்ன செய்யும் என்று பார்க்க, கணக்குக்காக ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையை வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் வெப்சைட் வழியாக 400 பார்சல் போயிருக்கிறது. 400 பேரிடமும் கருத்து கேட்டதில் 60 பேர் எழுதினார்கள். 34 பேர் 5 ஸ்டார், 11 பேர் 4, 6 பேர் 3, 4 பேர் 2, 5 பேர் 1. மொத்தம் 245 ஸ்டார். 60 பேருக்கு வகுத்தால் சராசரி 4.1. இப்போது 3 ஸ்டாரும் அதற்குக் கீழும் உள்ள 15 பேரை மறைத்துவிடுங்கள். மீதி 45 பேர், 214 ஸ்டார், சராசரி 4.8. எழுத்தில் ஒரு வரிகூட மாறவில்லை, கடை மட்டும் வேறு கடையாகிவிட்டது.

அந்த 15 பேர் என்ன எழுதினார்கள் என்று படித்துப் பார்க்கலாம். 9 பேருக்கு பார்சலில் பாட்டில் ஒழுகியிருக்கிறது. 4 பேர் வடக்கே இருக்கிறவர்கள். டிசம்பரில் வாங்கிய தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்துவிட்டது, கலப்படமா என்று கேட்கிறார்கள். 2 பேருக்கு விலை அதிகமாகத் தெரிகிறது. அடுத்து வாங்கப்போகிறவருக்கு உண்மையில் உதவுகிற தகவல் இந்த 15 ரிவ்யூக்களில்தான் இருக்கிறது. "அருமை", "சூப்பர்", "பாட்டி காலத்து மணம்" என்பவை அவருக்கு எதையும் தீர்மானிக்க உதவாது.

சல்லடை ரிவ்யூவை வெளியிடும் இடத்தில் மட்டும் இருப்பதில்லை, கேட்கிற இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. "நல்லா இருந்தா ரெண்டு வரி எழுதுங்க" என்று எத்தனை கடைகளில் கேட்டிருப்போம்! அந்த "நல்லா இருந்தா" என்ற சொல்லிலேயே பாதிப் பேர் வடிகட்டப்படுகிறார்கள். திரும்பத் திரும்ப வாங்குகிறவர்களிடம் மட்டும் கேட்பதும் இதே வேலைதான். பிடிக்காதவர் இரண்டாம் முறை வருவதில்லையே.

ஆகவே யாரைக் கேட்பது என்பதைக் கடைக்காரரின் மனம் தீர்மானிக்கக் கூடாது, ஒரு விதி தீர்மானிக்க வேண்டும். எல்லா ஆர்டருக்கும் கேட்பது மிக எளிய விதி. அது முடியாவிட்டால் ஆர்டர் எண் 5-இல் முடிகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். எப்போது கேட்பது என்பதும் பொருளைப் பொறுத்தது. பார்சல் கையில் கிடைத்த அன்றே கேட்டால் அட்டைப் பெட்டியைப் பற்றித்தான் எழுதுவார்கள். எண்ணெய் என்றால் இரண்டு வாரமாவது சமைத்துப் பார்க்க வேண்டும். சேலை என்றால் ஒரு முறையாவது துவைத்த பிறகு கேட்பது நியாயம், சாயம் போவது அப்போதுதானே தெரியும். கேள்வியும் இரு பக்கமும் திறந்திருக்க வேண்டும். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "இரண்டு வாரம் முன்பு எங்களிடம் கடலை எண்ணெய் வாங்கினீர்கள். எதிர்பார்த்தபடி இருந்ததா? என்ன குறை? நிறையோ குறையோ, நீங்கள் எழுதுவதை அப்படியே எங்கள் வெப்சைட்டில் போடுவோம். பெயரும் ஊரும் போடலாமா என்பதையும் சொல்லுங்கள்."

கடைசி வரி சம்பிரதாயத்துக்காக இல்லை. வாட்ஸ்அப்பில் பாராட்டு வந்ததும் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலே போன் நம்பரும் முகப்படமும் தெரிய அப்படியே போட்டுவிடுகிறார்கள். அந்த அம்மா கடைக்காரருக்கு எழுதினார், உலகத்துக்கு எழுதவில்லை. அது போக, ஸ்கிரீன்ஷாட் சாட்சியும் ஆகாது. இரண்டு போன் வைத்திருக்கும் யாரும் ஐந்து நிமிடத்தில் ஒன்று தயாரித்துவிடலாம். கடையின் ஏட்டில் ஆர்டர் எண், தேதி, அவர் எழுதிய முழு வாசகம், வெளியிடச் சம்மதம் சொன்ன செய்தி இந்த நான்கும் சேர்ந்து இருந்தால்தான் நாளை யாராவது கேட்கும்போது காட்ட முடியும்.

பரிசு கொடுத்துக் கேட்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூகுளில் எழுதுவதற்குத் தள்ளுபடியோ இலவசப் பொருளோ கொடுப்பது அதன் விதிக்கு விரோதம். சொந்த வெப்சைட்டில் கொடுத்தால், கொடுத்ததை அந்த ரிவ்யூவுக்குப் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். கடையில் வேலை பார்ப்பவரும் முதலாளியின் மைத்துனரும் எழுதினாலும் அப்படித்தான். என்னைக் கேட்டால் அவர்களை எழுதச் சொல்லாமல் விட்டுவிடுவது நல்லது.

இனி முகப்புப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுகிற பாராட்டு வாசகங்கள். நூறு ரிவ்யூவில் நான்கைத் தேர்ந்தெடுத்துப் போடுவதில் தவறில்லை, அவை தேர்ந்தெடுத்தவை என்று தெரியும்படி எல்லா ரிவ்யூக்களுக்கும் வழி பக்கத்திலேயே இருந்தால் போதும். கத்தரிப்பதில்தான் கோணல் வருகிறது. ஒருவர் எழுதுகிறார்: "எண்ணெய் நல்ல மணம். ஆனால் வந்தபோது பாதி ஒழுகிவிட்டது. போன் செய்ததும் மறுநாளே வேறு பாட்டில் அனுப்பினார்கள்." இதில் முதல் வாக்கியத்தை மட்டும் வெட்டிப் போடும் கடைக்காரர் நேர்மையோடு தன் லாபத்தையும் சேர்த்து வெட்டுகிறார். வெளியூரிலிருந்து பணம் கட்டத் தயங்கும் ஒருவருக்கு, மூன்றாவது வாக்கியத்தைவிட நம்பிக்கை தரக்கூடியது என்ன இருக்கிறது?

ஒரு வகைப் பாராட்டை மட்டும், அது முழு உண்மையாகவே எழுதப்பட்டிருந்தாலும், போடக் கூடாது. "இந்த எண்ணெய்க்கு மாறியதும் எனக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது." எழுதியவர் மனதாரத்தான் எழுதியிருப்பார். அதே மாதம் அவர் நடைப்பயிற்சி தொடங்கியதும் மாத்திரையை மாற்றியதும் அந்த வரியில் இல்லை. கடைக்காரர் அதை எடுத்துத் தன் பக்கத்தில் போட்ட கணத்தில் அது கடையின் விளம்பரம். நீரிழிவைக் குணமாக்கும் என்பது போன்ற விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகளும் அனுமதிப்பதில்லை. "வாடிக்கையாளர்தானே சொன்னார்" என்று தப்பிக்க முடியாது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் இங்கே பொருந்தும். பரிந்துரை சொல்பவரின் கருத்து உண்மையானதாகவும், ஓரளவு அண்மைக்காலத்ததாகவும், பொருளைப் பற்றிய போதிய தகவல் அல்லது அனுபவத்தின் மேல் நிற்பதாகவும் இருக்க வேண்டும் என்கின்றன அவை. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதே ஆண்டு நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. ஆன்லைன் ரிவ்யூக்களைச் சேகரிப்பது, சரிபார்ப்பது, வெளியிடுவது ஆகிய மூன்றுக்கும் அது நெறி சொல்கிறது. கடைப்பிடிப்பது கடைகளின் விருப்பம் என்ற அளவில்தான் அது தொடங்கியது. "அண்மைக்காலம்" என்ற சொல்லைச் சின்னக் கடைகள் கவனிக்க வேண்டும். தேதி இல்லாத பாராட்டு, செக்கு ஓட்டியவர் மாறிய பிறகும், கடலை வாங்கும் ஊர் மாறிய பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் மாதமும் ஆண்டும் போட்டுவிட்டால் படிப்பவரே எடைபோட்டுக்கொள்வார்.

எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது சராசரி போடாமல் இருப்பதுதான் சரி. ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள், நான்கு பேர் 5, ஒருவர் 1 என்றால் சராசரி 4.2. அந்த ஒருவர் இன்னும் எழுதவில்லை என்றால் 5.0. இந்த இரண்டு எண்ணும் கடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஐந்து ரிவ்யூக்களையும் அப்படியே படிக்க வைத்துவிடலாம். 60 பேர் எழுதிய பிறகும்கூட, எழுதாத 340 பேர் என்ன நினைக்கிறார்கள் என்று கடைக்காரருக்கும் தெரியாது. ஆகவே 4.1 என்ற எண்ணுக்குக் கீழே "400 பேரிடம் கேட்டோம், 60 பேர் எழுதினார்கள்" என்று ஒரு வரி இருக்கட்டும்.

போட்டிக் கடைக்காரர் ஆள் வைத்து 1 ஸ்டார் போட்டால் என்ன செய்வது? ஆர்டர் எண் இல்லாத எதையும் வெளியிடுவதில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிடலாம். ஒரே நிபந்தனை, அந்த விதி ஆர்டர் எண் இல்லாத 5 ஸ்டாருக்கும் பொருந்த வேண்டும். தெரிந்தவர் அன்பாக எழுதி அனுப்பியதை ஒதுக்கி வைக்கும்போதுதான் விதியின் வலி கடைக்காரருக்குத் தெரியும்.

நம் எண்ணெய்க் கடையின் 15 பேரிடம் திரும்புவோம். உறைந்த எண்ணெயைப் பற்றி எழுதிய நான்கு பேருக்கும் கீழே கடைக்காரர் பதில் எழுதலாம்: தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், அது அதன் இயல்பு, பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்தால் உருகிவிடும். அடுத்த டிசம்பரில் வாங்குகிற வடக்கத்தியர் ஆர்டர் போடும் முன்பே அதைப் படித்துவிடுவார். ஒழுகிய 9 பாட்டில்களுக்கு இப்படிப் பதில் சொல்லித் தப்ப முடியாது. மூடிக்கு உள்ளே சீல் ஒட்டி, பாட்டிலைத் தனிப் பையில் போட்டுக் கட்டித்தான் தீர வேண்டும். அதைச் செய்த பிறகு பழைய ரிவ்யூக்களை எடுத்துவிடலாமா என்று கை துறுதுறுக்கும். எடுக்க வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் "மார்ச் முதல் உள்சீல் போட்டு அனுப்புகிறோம்" என்று தேதியோடு எழுதி வைத்துவிட்டு, அடுத்த மூன்று மாத ரிவ்யூக்களில் "ஒழுகியது" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டியதுதான்.